பத்தி ஏன் கனக்கிறது? வினையைப் பெயராக்கி எழுதுவது பற்றி

மீனா_சு

வணக்கம். எங்கள் குடியிருப்பில் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஒரு வாரம் ஓடாமல் கிடந்தது. ஏன் அப்படி ஆனது என்று உறுப்பினர்களுக்கு ஓர் அறிக்கை எழுதும் வேலை என்னிடம் வந்தது. இரண்டு இரவு உட்கார்ந்து எழுதினேன். அதைப் படித்த பக்கத்து வீட்டு அக்கா, "மூணு தடவை படிச்சேன் மீனா, மோட்டார் ஏன் நின்னுச்சுன்னு கடைசி வரைக்கும் புரியலை" என்றார். முக்கியமான பத்தி இதுதான்:

> நீரேற்று மோட்டாரின் பராமரிப்பில் ஏற்பட்ட தாமதம் காரணமாக, பேரிங்கின் தேய்மானம் குறித்த கண்காணிப்பு உரிய காலத்தில் மேற்கொள்ளப்படாததன் விளைவாக, இயக்கத்தில் தடங்கல் ஏற்பட்டது. இது தொடர்பான தகவல் தெரிவிப்பு நிகழ்ந்தபோதிலும், நடவடிக்கை எடுப்பதில் சுணக்கம் காணப்பட்டது.

இலக்கணப் பிழை இல்லை என்று நினைக்கிறேன். சந்தியும் பார்த்துவிட்டேன். சொற்களும் எல்லோருக்கும் தெரிந்தவைதான். பிறகு ஏன் இவ்வளவு கனக்கிறது?

கத்தரிக்கோல்

இதற்கு எளிய வழி இருக்கிறது. தல், மை, பு, வு, கை என்று முடியும் சொல் எங்கே வந்தாலும் வெட்டிவிடுங்கள். அப்புறம் 'பட்டது' என்று முடிவதையும் வெட்டுங்கள். செயப்பாட்டு வினைதான் தமிழ் உரைநடையைக் கெடுத்தது. ஏற்பட்டது, காணப்பட்டது, மேற்கொள்ளப்பட்டது எல்லாம் அந்த வகைதான். இந்த இரண்டையும் ஒழித்தால் எந்தப் பத்தியும் தெளிவாகிவிடும். நான் பத்து வருடமாக இப்படித்தான் திருத்துகிறேன்.

தமிழ்நேயன்

சகோதரி, கனம் வருவது கலப்பினால். மோட்டார், பேரிங் என்று இருக்கும்போது எப்படி ஓட்டம் வரும்? 'தாமதம்' வடசொல். 'காலந்தாழ்த்தல்' என்று எழுதுங்கள். 'பராமரிப்பு' வேண்டாம், 'பேணல்' போதும். 'பேணலில் ஏற்பட்ட காலந்தாழ்த்தல் காரணமாக' என்று எழுதிப் பாருங்கள். படிக்கவே இனிக்கும்.

பிழைதிருத்தி

மீனா, உங்கள் பத்தியில் வினை என்று சொல்லத்தக்க சொற்களை மட்டும் தனியே எழுதிப் பாருங்கள். ஏற்பட்ட, மேற்கொள்ளப்படாத, ஏற்பட்டது, நிகழ்ந்த, எடுப்பது, காணப்பட்டது. இவற்றை மட்டும் ஒருவரிடம் காட்டி, "இது எதைப் பற்றிய செய்தி?" என்று கேட்டால் அவரால் சொல்ல முடியுமா? திருமணத்தைப் பற்றியதா, வெள்ளத்தைப் பற்றியதா, மோட்டாரைப் பற்றியதா என்று எதுவும் தெரியாது. நடந்தவை எல்லாம் பராமரிப்பு, தேய்மானம், கண்காணிப்பு, தடங்கல், தெரிவிப்பு என்ற பெயர்களுக்குள் போய் உட்கார்ந்துவிட்டன. வாக்கியத்தை முடிக்க ஒரு வினை வேண்டும் என்பதற்காகத்தான் 'ஏற்பட்டது' அங்கே நிற்கிறது.

தமிழில் இந்த இழப்பு பெரிது. 'பார்த்தார்' என்ற ஒரே சொல்லில் செயல் இருக்கிறது, காலம் இருக்கிறது, செய்தவர் ஒரு மனிதர் என்பதும் இருக்கிறது. அதையே 'பார்வையிடல்' என்று மாற்றினால் செயலின் பெயர் மட்டும்தான் மிஞ்சும். காலத்தைக் காட்ட 'நடைபெற்றது' என்று இன்னொரு வினை தேவைப்படும். அந்த வினைக்கு எழுவாய் 'பார்வையிடல்'. அது அஃறிணை. மனிதர் செய்த வேலை, தானாக நடந்த ஒன்றைப் போல ஆகிவிட்டது. அக்காவுக்குப் புரியாததற்கு இதுதான் காரணம். உங்கள் பத்தியில் ஆளே இல்லை. தாமதம் வருகிறது, தடங்கல் வருகிறது, சுணக்கம் வருகிறது.

வேற்றுமையிலும் ஒன்று நடக்கிறது. 'மருத்துவர் நோயாளியைப் பரிசோதித்தார்' என்றால் யார் யாரை என்பதில் குழப்பமே கிடையாது. பெயராக்குங்கள். 'மருத்துவரின் பரிசோதனை' என்றால் மருத்துவர் செய்தது. 'நோயாளியின் பரிசோதனை' என்றால் நோயாளிக்குச் செய்தது. இரண்டுக்கும் அதே 'இன்' உருபுதான். எது எது என்பதை வாசகர் தன் உலக அறிவைக் கொண்டு ஊகிக்கிறார். இரண்டு பேரையும் ஒரே இடத்தில் சொல்ல வேண்டுமானால் 'மருத்துவரால் மேற்கொள்ளப்பட்ட நோயாளியின் பரிசோதனை' என்று போக வேண்டியிருக்கிறது. மூன்று சொல் வேலைக்கு நான்கு சொல். அதோடு முடியவில்லை. இவ்வளவும் சேர்ந்து இன்னும் ஒரு பெயர்தான், வாக்கியம் இனிமேல்தான் தொடங்க வேண்டும்.

கத்தரிக்கோல், நீங்கள் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் இரண்டு வேறு நோய்களை ஒன்றாக்கிவிட்டீர்கள். 'சைக்கிள் திருடப்பட்டது' செயப்பாட்டு வினை. அதில் 'திருடு' என்ற வினை உயிரோடு இருக்கிறது. திருடியவர் யார் என்று தெரியாதபோது அப்படி எழுதுவதில் ஒரு தவறும் இல்லை. 'ஏற்பட்டது' அப்படியல்ல. யார் எதை ஏற்பட்டார் என்று கேட்க முடியுமா? முடியாது. அது 'உண்டானது' என்று பொருள்படும் சாதாரண வினை. 'பட்டது' என்ற ஒலியை வைத்து வெட்டினால் சில நேரம் நல்ல வாக்கியமும் போய்விடும்.

ஐயா தமிழ்நேயன், உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் 'யோசித்தான்' வடமொழி வேர் உள்ள சொல், கனக்கவில்லை. 'சிந்தனை மேற்கொண்டான்' கனக்கிறது. 'எண்ணுதலில் ஈடுபட்டான்' என்று தூய தமிழில் எழுதினாலும் கனம் குறையவில்லை. மீனா கேட்டது சொல் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றியல்ல, அது வாக்கியத்தில் என்ன வேலை பார்க்கிறது என்பதைப் பற்றி.

மீனா_சு

ஐயா, 'ஆளே இல்லை' என்ற இடத்தில் எனக்குச் சுருக்கென்றது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆளை நான்தான் வேண்டுமென்றே எடுத்தேன். ஒப்பந்தக்காரர் வரவில்லை, எங்கள் செயலாளர் கவனிக்கவில்லை. இரண்டு பேரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவதுபோல எழுதாதே என்று செயலாளரே சொல்லியிருந்தார். அப்படி எழுதப் போய்த்தான் இந்த நடை வந்தது. பெயரைச் சொல்லாமலும் இருக்க வேண்டும், புரியவும் வேண்டும் என்றால் வழி உண்டா?

நடந்தது இவ்வளவுதான். 3 மாதத்துக்கு ஒருமுறை வந்து பேரிங்குக்குக் கிரீஸ் போட வேண்டும் என்று ஒப்பந்தம். ஜனவரியில் கடைசியாகப் போட்டார்கள். ஏப்ரலிலும் ஜூலையிலும் வரவில்லை. ஆகஸ்ட் 9ஆம் தேதி மோட்டார் கரகரவென்று சத்தம் போடுவதாகக் காவலாளி பதிவேட்டில் எழுதினார். 14ஆம் தேதி மறுபடியும் எழுதினார். 20ஆம் தேதி மோட்டார் நின்றுவிட்டது. 27ஆம் தேதி பேரிங்கை மாற்றிய பிறகுதான் ஓடியது.

கத்தரிக்கோல்

இதோ, நீங்கள் இப்போது எழுதியதுதான் அறிக்கை! இதை அப்படியே போடுங்கள்.

பிழைதிருத்தி

கத்தரிக்கோல் சொல்வது சரி, கிட்டத்தட்ட. மீனா, கேள்வி கேட்டபோது பூட்டி எழுதினீர்கள். எங்களுக்கு விளக்கும்போது போட்டார்கள், வரவில்லை, எழுதினார், நின்றுவிட்டது என்று வினைகளில் எழுதினீர்கள்.

பெயர் சொல்லாமல் எழுதுவது பற்றிக் கேட்டீர்கள். அதற்குத் தமிழில் நல்ல வசதி ஒன்று இருக்கிறது. 'வந்தார்' என்றால் அவர் ஒருவர் என்பது தெரிகிறது. 'வரவில்லை' என்ற எதிர்மறையைப் பாருங்கள். நான் வரவில்லை, அவர் வரவில்லை, அவர்கள் வரவில்லை, அது வரவில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம். 'ஏப்ரலிலும் ஜூலையிலும் கிரீஸ் போடவில்லை' என்று எழுதினால் யார் என்று சொல்லவில்லை. ஆனால் என்ன நடக்கவில்லை, எப்போது நடக்கவில்லை என்பது பளிச்சென்று இருக்கிறது. 'பராமரிப்பில் தாமதம் ஏற்பட்டது' என்பது இந்த இரண்டையும் சேர்த்து மறைக்கிறது. மறைக்க வேண்டியது ஒரு பெயரைத்தான் என்றால் அதை மட்டும் மறையுங்கள். நடந்ததையும் சேர்த்து ஏன் மறைக்க வேண்டும்?

ஒப்பந்த எழுத்தர்

நான் ஒப்பந்தங்களும் சங்க விதிகளும் எழுதிக் கொடுப்பவன். இங்கே எல்லோரும் பெயரை வெட்டு, வினையை வை என்கிறீர்கள். என் வேலையில் அதைச் செய்தால் வம்பு வரும். ஒரு வீட்டு ஒப்பந்தத்தில் 'ஒப்படைப்பு' என்ற சொல்லை முதல் பக்கத்திலேயே வரையறுத்துவிடுவேன். சாவியைக் கொடுத்து, மீட்டர் அளவைக் குறித்து, இரு தரப்பும் கையெழுத்திட்டால்தான் ஒப்படைப்பு. பிறகு 20 பக்கத்திலும் 'ஒப்படைப்பு நாளிலிருந்து 30 நாட்களுக்குள்' என்று எழுதுவேன். அதையே 'சாவியைக் கொடுத்த நாளிலிருந்து' என்று ஓரிடத்திலும் 'வீட்டை ஒப்படைத்த பிறகு' என்று இன்னோரிடத்திலும் வினையாக எழுதினால், இவை ஒரே நாளா வேறு நாளா என்று சண்டை தொடங்கும். ஒரு முறை அப்படி ஒரு வரைவை 'எளிமையாக்கி'க் கொடுத்தேன். சாவி கொடுத்தது ஒரு நாள், கையெழுத்திட்டது வேறு நாள். கட்சிக்காரர்கள் இரண்டு மாதம் இழுபறியில் கிடந்தார்கள். அன்றிலிருந்து பெயர்ச்சொல்தான் எனக்குப் பாதுகாப்பு.

அறிவியல் ஆசிரியை

வகுப்பறையிலும் இதே கதைதான், ஆனால் வேறு வரிசையில். 'ஆவியாதல்' என்ற சொல் இல்லாமல் பாடம் நடத்த முடியாது. 'ஆவியாதலின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது' என்று சொல்ல வேண்டும். வேகத்தை அளக்க வேண்டும் என்றால், எதன் வேகம் என்று சொல்ல ஒரு பெயர் வேண்டும். ஆனால் முதல் நாளே 'ஆவியாதல் என்பது ஒரு புறப்பரப்பு நிகழ்வு' என்று தொடங்கினால் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் முதலில் ஈரத்துணியைக் காட்டுவேன். துணியிலிருந்த நீர் எங்கே போனது? மேலே இருந்த நீர் ஆவியாகிப் போனது. காற்றடித்தால் சீக்கிரம் காய்கிறது, மடித்துப் போட்டால் காய மறுக்கிறது. இப்படி நாலைந்து வாக்கியம் வினையிலேயே பேசிவிட்டு, 'இப்படி நடப்பதற்கு ஆவியாதல் என்று பெயர்' என்பேன். அதற்குப் பிறகு அந்தச் சொல் அவர்களுக்குக் கனப்பதில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியுமே.

பிழைதிருத்தி

இருவரும் சொன்னது ஒரே இடத்தில் வந்து சேர்கிறது. எழுத்தர் ஐயாவின் 'ஒப்படைப்பு' கனக்கவில்லை, ஏனென்றால் அதற்குள் யார், எதை, எப்போது என்பதெல்லாம் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஆசிரியையின் 'ஆவியாதல்' நாலு வாக்கியத்தை அடக்கி வைத்திருக்கிறது. வாசகர் முன்பே அறிந்ததைச் சுருக்கிப் பிடிக்க ஒரு கைப்பிடி தேவைப்படும்போது பெயர் வரலாம். மீனாவின் பத்தியில் 'தகவல் தெரிவிப்பு' முதல் முறையாக வருகிறது. யார் தெரிவித்தார், யாருக்கு, எத்தனை முறை என்று வாசகருக்கு எதுவும் தெரியாது. திறக்காத பெட்டியை எடுத்துக் கையில் கொடுத்ததுபோல.

ஒரே அறிக்கையில்கூட இரண்டும் வரலாம். 'காவலாளி 9ஆம் தேதியும் 14ஆம் தேதியும் பதிவேட்டில் எழுதினார்' என்று சொன்ன பிறகு, அடுத்த வாக்கியத்தை 'இந்த இரண்டு எச்சரிக்கைகளுக்குப் பிறகும் மோட்டாரைப் பார்க்கவில்லை' என்று தொடங்கலாம். 'எச்சரிக்கை' என்ற பெயர் அங்கே முன் வாக்கியத்தையும் பின் வாக்கியத்தையும் கட்டுகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். காவலாளி எழுதியதை 'குறிப்பு' என்று சொல்வதற்கும் 'எச்சரிக்கை' என்று சொல்வதற்கும் வேறுபாடு இருக்கிறது. இப்படிச் சுருக்கும் பெயர் ஒரு தீர்ப்பையும் சேர்த்துக் கொண்டுவரும். உங்கள் பத்தியில் 'சுணக்கம்' அப்படிப்பட்டது. பெயர் சொல்லிக் குற்றம் சாட்டக் கூடாது என்று தொடங்கிவிட்டு, யார் என்றே சொல்லாமல் குற்றத்தை மட்டும் சாட்டியிருக்கிறீர்கள்.

யாழினி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். வினையைப் பெயராக்குவதே தமிழுக்கு ஆகாது என்பதுபோல இங்கே பேச்சு போகிறது. திருக்குறளில் 'சொல்லுதல் யார்க்கும் எளிய அரியவாம் சொல்லிய வண்ணம் செயல்' என்று இருக்கிறதே. சொல்லுதல், செயல் இரண்டும் தொழிற்பெயர்தானே? அது கனக்கிறதா? காற்று மாதிரி இருக்கிறது.

பிழைதிருத்தி

நல்ல இடத்தைப் பிடித்தீர்கள் யாழினி. அந்தக் குறளில் சொல்பவர் யார் என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை. 'யார்க்கும்' என்று வள்ளுவரே சொல்லிவிட்டார். எந்தக் காலத்தில் என்ற கேள்வியும் இல்லை, எக்காலத்துக்கும் பொருந்துவதைத்தான் சொல்கிறார். காலமும் ஆளும் தேவைப்படாத இடத்தில் அவை இல்லாத வடிவத்தை எடுத்தால் இழப்பு ஏது? 'நீந்துதல் உடலுக்கு நல்லது' என்பதும் அப்படித்தான். ஆனால் 20ஆம் தேதி ஒரு மோட்டார் நின்றது குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்டவர்கள் செய்ததாலும் செய்யாததாலும் நடந்த ஒன்று. அதைப் பொதுவுண்மை சொல்லும் வடிவத்தில் எழுதினால், சொல்ல வேண்டியவை எல்லாம் ஒழுகிப் போய்விடும்.

இன்னொன்றும் உங்கள் கேள்வியில் அடங்கியிருக்கிறது. பெயராக்குவதில் படிகள் உண்டு. 'வெட்டு' என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். 'அவர் நேற்று மரத்தை அவசரமாக வெட்டியது தவறு.' இதில் 'வெட்டியது' பெயராகத்தான் நிற்கிறது. ஆனால் 'அவர்' அப்படியே இருக்கிறார், 'மரத்தை' அப்படியே இருக்கிறது, இறந்தகாலம்கூட இருக்கிறது. பெயரின் சட்டையை மேலே போட்டுக்கொண்ட வினை அது. அடுத்த படி, 'மரத்தை அவசரமாக வெட்டுதல் தவறு.' காலம் போய்விட்டது, ஆளும் மறைந்துவிட்டார், ஆனால் 'மரத்தை', 'அவசரமாக' இரண்டும் தப்பிவிட்டன. அதற்கும் கீழே 'வெட்டு' என்று நிற்கும் பெயர். 'மரத்தை அவசரமாக வெட்டு தவறு' என்று எழுத முடியாது. 'அவசரமான வெட்டு' என்றுதான் எழுத வேண்டும். 'மரத்தை' என்பதும் 'மரத்தின்' ஆகிவிடும். பராமரிப்பு, கண்காணிப்பு, பரிசோதனை எல்லாம் இந்தக் கடைசிப் படியில் இருப்பவை. கனம் பெரும்பாலும் அங்கேதான் சேர்கிறது. கத்தரிக்கோல் 'தல்' எல்லாவற்றையும் வெட்டச் சொன்னதை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம். சில நேரம் 'கண்காணிப்பில் குறைபாடு' என்பதை 'கவனிக்காமல் விட்டது' என்று ஒரு படி மேலே ஏற்றினாலே போதும்.

கத்தரிக்கோல்

'வெட்டியது' பற்றி நான் யோசித்ததே இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தில் விட மாட்டேன். 'உதவி செய்தான்', 'முயற்சி செய்தான்', 'ஆய்வு செய்தான்' இவை எல்லாம் வீண். உதவினான், முயன்றான், ஆராய்ந்தான் என்று ஒரே சொல்லில் முடிக்கலாமே.

யாழினி

பேசும்போது யாரும் 'உதவினான்' என்று சொல்வதில்லையே, 'உதவி பண்ணான்' என்றுதான் சொல்கிறோம். அது எங்கே கனக்கிறது?

பிழைதிருத்தி

இதில் யாழினி பக்கம்தான் நான். 'உதவி செய்' பேச்சில் ஒரே வினையாக இறுகிவிட்டது. ஆளும் காலமும் 'செய்தான்' என்பதில் இருக்கின்றன, எதுவும் தொலையவில்லை. தவிர, 'எனக்குப் பெரிய உதவி செய்தார்' என்று சொல்லலாம். 'பெரிதாக உதவினார்' என்றால் அதே பொருள் வருவதில்லை. ஆனால் 'உதவி மேற்கொள்ளப்பட்டது', 'முயற்சி மேற்கொள்ளப்பட்டது' என்று வரும்போது நான் நிறுத்திவிடுவேன். 'ஆய்வு செய்தார்', 'ஆராய்ந்தார்' இரண்டுக்கும் இடையே எனக்கே தடுமாற்றம் உண்டு. 'ஆய்வு செய்தார்' என்றால் முறைப்படி ஒரு வேலையாகச் செய்தார் என்று தொனிக்கிறது. ஒரே வார்த்தையாக்க வேண்டும் என்பதற்காக அந்தத் தொனியை விட எனக்கு மனம் வரவில்லை.

கத்தரிக்கோல்

எனக்கு ஒப்புதல் இல்லை. தொனி என்று சொல்லித்தான் எல்லாம் உள்ளே வருகிறது.

அறிவியல் ஆசிரியை

அப்படியானால் ஒரு பக்கத்தைத் திருத்தும்போது எங்கே கை வைப்பது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? ஒவ்வொரு சொல்லாக யோசித்தால் நாள் போய்விடுமே.

பிழைதிருத்தி

ஏற்படு, நடைபெறு, மேற்கொள், காணப்படு, நிகழ், நிலவு, அமை. இந்த ஏழெட்டு வினைகளை முதலில் வட்டமிடுவேன். ஒவ்வொன்றுக்கும் நேர் முன்னால் நிற்கும் பெயரைப் பார்ப்பேன். அந்தப் பெயருக்குள் ஒரு வினை ஒளிந்திருந்தால் வெளியே இழுத்து, யார், எதை, எப்போது என்று கேட்பேன். 'ஆலோசனை நடைபெற்றது' என்றால் ஆலோசித்தார்கள், யார்? 'விலையில் உயர்வு காணப்பட்டது' என்றால் விலை உயர்ந்தது, அவ்வளவுதான். ஆனால் 'விபத்து ஏற்பட்டது' என்று இருந்தால் தொட மாட்டேன். விபத்து என்ற பெயருக்குள் இழுத்தெடுக்க வினை கிடையாது. 'அமைதி நிலவியது' என்பதும் அப்படியே நிற்கட்டும். வட்டமிட்டதை எல்லாம் அழிப்பது நோக்கமில்லை.

மீனா_சு

வட்டமிட்டுப் பார்த்தேன். என் பத்தியில் வினைகள் ஆறில் ஐந்து உங்கள் பட்டியலில் இருந்தன. திருத்தி எழுதியது:

> மோட்டாருக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை கிரீஸ் போட வேண்டும். ஜனவரியில் போட்டார்கள். ஏப்ரலில் போடவில்லை. ஜூலையிலும் போடவில்லை. பேரிங் தேய்ந்தது. சத்தம் வந்தது. காவலாளி பதிவேட்டில் எழுதினார். மறுபடியும் எழுதினார். யாரும் பார்க்கவில்லை. மோட்டார் நின்றது.

அக்காவிடம் காட்டினேன். "இப்பப் புரியுது. ஆனா சின்னப் பிள்ளைங்க பாடப் புத்தகம் மாதிரி இருக்கு" என்றார்.

ஒப்பந்த எழுத்தர்

அக்கா சொல்வது உண்மைதான். இதில் காரணம் போய்விட்டது. பேரிங் தேய்ந்தது கிரீஸ் போடாததால் என்று இங்கே எங்கே எழுதியிருக்கிறது? வாசகர்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் பழைய பத்தியில் 'காரணமாக', 'விளைவாக' என்றாவது இருந்தது. நாளை ஒப்பந்தக்காரரிடம் பணம் பிடிக்க வேண்டும் என்றால் அந்தக் காரணத்தொடர்தான் முக்கியம்.

பிழைதிருத்தி

சரியாகப் பிடித்தீர்கள் ஐயா. பெயர்கள் வாக்கியத்துக்குள் வரக் காரணங்களைக் கோக்க வேண்டிய தேவையும் ஒரு காரணம். 'தாமதம் காரணமாக', 'தேய்மானத்தின் விளைவாக' என்று ஒரு பெயரின் வாலில் இன்னொன்றைக் கட்டலாம். ஆனால் அந்தக் கட்டும் வேலையைத் தமிழில் வினையெச்சம் இன்னும் இலகுவாகச் செய்யும். 'கிரீஸ் போடாததால் பேரிங் தேய்ந்து மோட்டார் நின்றுவிட்டது.' போடாததால், தேய்ந்து, நின்றுவிட்டது. நடந்த வரிசையிலேயே சொற்கள் நிற்கின்றன, காரணமும் இருக்கிறது, ஒரு 'விளைவாக'கூடத் தேவைப்படவில்லை.

யாழினி

ஆனால் 'தேய்ந்து' என்ற எச்சத்துக்கு எழுவாய் பேரிங், 'நின்றது' என்பதற்கு எழுவாய் மோட்டார். செய்து என்னும் எச்சம் முடிக்கும் வினையின் எழுவாயைத்தானே கொள்ள வேண்டும்? எங்கள் ஆசிரியர் இதற்கு மதிப்பெண் குறைப்பார்.

பிழைதிருத்தி

பொதுவிதி நீங்கள் சொல்வதுதான். ஆனால் உறுப்பின் வினை முதலின் வினையோடு முடிவதைப் பழைய இலக்கணமே ஏற்கிறது. 'கால் ஒடிந்து விழுந்தான்' என்றால் ஒடிந்தது கால், விழுந்தது அவன். பேரிங் மோட்டாரின் உறுப்புதானே. 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்பதும் வழக்கில் உள்ளதுதான். தொடர்பில்லாத இரண்டு எழுவாய்களை இப்படிக் கட்டினால் மட்டும் இடறும். 'காவலாளி எழுதி மோட்டார் நின்றது' என்று எழுதினால், அவர் எழுதியதால் மோட்டார் நின்றதுபோல ஆகிவிடும். அங்கே எச்சத்தை நீட்டாமல் வாக்கியத்தை முடித்துவிட வேண்டும். எச்சங்களை ஏழெட்டு கோத்தாலும் மூச்சு முட்டும். மூன்று வரை எனக்குச் சரி.

தமிழ்நேயன்

நான் முதலில் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொண்டேன், மீனா. 'பேணலில் ஏற்பட்ட காலந்தாழ்த்தல்' என்று நான் எழுதிக் கொடுத்ததை இப்போது உரக்கப் படித்துப் பார்த்தேன். அதே பாரம்தான். ஆனாலும் ஒன்று சொல்வேன். நல்ல தமிழ் வினைகள் பல நம் எழுத்தில் மறைந்துபோனதற்கும் இந்தப் பழக்கத்துக்கும் தொடர்பு இருக்கிறது. தேய்ந்தது, துருப்பிடித்தது, இறுகியது, கரகரத்தது என்று எத்தனை வினைகள்! எல்லாவற்றுக்கும் பதிலாக 'பழுது ஏற்பட்டது' என்று ஒன்றையே எழுதினால் அவை எப்படி நிலைக்கும்?

பிழைதிருத்தி

இதை முழுமனதோடு ஏற்கிறேன் ஐயா. 'பழுது ஏற்பட்டது' என்று எழுதுகிறவர் தேய்ந்ததா, துருப்பிடித்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமலே எழுதிவிட முடியும். வினையைத் தேடினால் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.

மீனா_சு

மூன்றாவது முறை எழுதியிருக்கிறேன். பாருங்கள்:

> ஒப்பந்தப்படி 3 மாதத்துக்கு ஒருமுறை மோட்டாரின் பேரிங்குக்குக் கிரீஸ் போட வேண்டும். ஜனவரிக்குப் பிறகு போடவில்லை. ஏப்ரல், ஜூலை இரண்டு முறையும் விட்டுப்போயிற்று. கிரீஸ் வற்றியதால் பேரிங் தேய்ந்து மோட்டார் சத்தம் போடத் தொடங்கியது. காவலாளி இதை ஆகஸ்ட் 9ஆம் தேதியும் 14ஆம் தேதியும் பதிவேட்டில் எழுதினார். இந்த இரண்டு குறிப்புகளுக்குப் பிறகும் மோட்டாரைத் திறந்து பார்க்கவில்லை. ஆகஸ்ட் 20ஆம் தேதி மோட்டார் நின்றுவிட்டது. பேரிங்கை மாற்றி 27ஆம் தேதி ஓட வைத்தோம்.

'எச்சரிக்கை' என்று போடவில்லை, 'குறிப்பு' என்று போட்டேன். காவலாளி சத்தம் வருகிறது என்று மட்டும்தான் எழுதியிருந்தார், ஆபத்து என்று எழுதவில்லை. செயலாளரிடம் காட்டினேன். ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு, "என் பேர் இல்லை, ஆனா நான்தான்னு தெரியுது" என்றார். மாற்றச் சொல்லவில்லை.

ஒப்பந்த எழுத்தர்

நன்றாக இருக்கிறது. ஒரே ஓர் இடம். 'விட்டுப்போயிற்று' என்பது தானாக விட்டுப்போனதுபோல இருக்கிறது. 'இரண்டு முறையும் வரவில்லை' என்று எழுதுங்கள். ஒப்பந்தக்காரரிடம் பேசும்போது இந்தச் சொல் உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

யாழினி

எனக்கு 'விட்டுப்போயிற்று' பிடித்திருக்கிறது. பேசுவதுபோல இருக்கிறது, யாரையும் குத்தவும் இல்லை.

பிழைதிருத்தி

எழுத்தர் ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. வினையாக இருந்தாலும் 'விட்டுப்போயிற்று' ஆளை மறைக்கிறது, பெயர்ச்சொல் மட்டும்தான் மறைக்கும் என்றில்லை. ஆனால் உறுப்பினர்களுக்குப் போகும் அறிக்கையில் அது இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் தோன்றுகிறது. மீனா, இந்த அறிக்கையை ஒப்பந்தக்காரருக்கும் அனுப்பப் போகிறீர்களா?

மீனா_சு

இன்னும் முடிவு செய்யவில்லை ஐயா. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கிறது. அனுப்புவதென்றால் அந்த ஒரு சொல்லை மாற்றிவிடுகிறேன்.